சர்வேக்கு 2 லட்சம் கேட்கிறார்களா? பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

பெங்களூரு விவேக் நகரில் ஒரு சின்ன கிச்சன் எடுத்து, சுற்றுவட்டார பி.ஜி.க்களுக்கு மாதச் சந்தாவில் தமிழ்நாட்டு மதியச் சாப்பாடு அனுப்பலாம் என்று நீங்கள் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். கோரமங்களா பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் பேச்சிலர்களுக்கும் குறைவில்லை. ஆனால் போட்டியும் அதிகம். "ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு மார்க்கெட் சர்வே எடுத்துடுங்க, 2 லட்சம்தான்" என்கிறது ஒரு ஏஜென்சி. கொடுக்கலாமா?

முதலில் உங்கள் கணிப்பை எண்களாக எழுதுங்கள். உதாரணத்துக்கு, சந்தா நன்றாகச் சேர்ந்தால் முதல் வருடத்தில் 8 லட்சம் லாபம். சேராவிட்டால் 3 லட்சம் நஷ்டம். நன்றாகப் போக 40% வாய்ப்பு, படுக்க 60% வாய்ப்பு. ஆரம்பிக்கவே இல்லை என்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

சர்வே இல்லாமல் ஆரம்பித்தால் சராசரியாக என்ன கிடைக்கும்? 8 லட்சத்தில் 40%, அதாவது 3.2 லட்சம். அதிலிருந்து 3 லட்சத்தில் 60%, அதாவது 1.8 லட்சத்தைக் கழியுங்கள். மிச்சம் 1.4 லட்சம். பூஜ்ஜியத்தைவிட அதிகம் என்பதால், இப்போதைய நிலையில் உங்கள் முடிவு 'ஆரம்பிக்கலாம்'.

இப்போது ஒருபோதும் தப்பாத ஜோசியர் ஒருவர் வருகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் என்றால் ஆரம்பிப்பீர்கள், ஓடாது என்றால் விட்டுவிடுவீர்கள். அப்போது சராசரி 3.2 லட்சம், நஷ்டம் என்ற பேச்சே இல்லை. 3.2-இல் இருந்து 1.4-ஐக் கழித்தால் 1.8 லட்சம். இதைத்தான் 'முழுத் தகவலின் எதிர்பார்ப்பு மதிப்பு', சுருக்கமாக இ.வி.பி.ஐ. என்கிறார்கள். தப்பே செய்யாத அந்த ஜோசியருக்கே 1.8 லட்சத்துக்கு மேல் தருவது வீண். அப்படியிருக்க, ஏஜென்சிக்கு 2 லட்சமா? அவர்களின் கேள்வித்தாளைப் பார்க்காமலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

சரி, ஏஜென்சி 1.2 லட்சத்துக்கு இறங்கி வருகிறது. உச்சவரம்புக்குள் வந்துவிட்டதே என்று உடனே சம்மதிக்கவும் கூடாது. எந்த சர்வேயும் ஜோசியர் இல்லை. நன்றாக ஓடக்கூடிய தொழிலை அது 80% தடவை சரியாகவும், படுக்கப்போகும் தொழிலை 70% தடவை சரியாகவும் கண்டுபிடிக்கும் என்று வைப்போம். இதே நிலையில் 100 பேர் இருந்தால், 40 பேரின் தொழில் ஓடும். அவர்களில் 32 பேருக்கு சர்வே பச்சைக்கொடி காட்டும். படுக்கப்போகும் 60 பேரில் 18 பேருக்கும் தவறாகப் பச்சைக்கொடி கிடைக்கும். பச்சைக்கொடி கிடைத்தவர்கள் மட்டும் ஆரம்பித்தால், 32 பேர் தலா 8 லட்சம் சம்பாதிப்பார்கள், 18 பேர் தலா 3 லட்சம் இழப்பார்கள். 100 பேருக்கும் சேர்த்து 202 லட்சம், ஆளுக்கு 2.02 லட்சம். சர்வே இல்லாமலே 1.4 இருந்தது. ஆக சர்வேயின் மதிப்பு வெறும் 62 ஆயிரம். 1.2 லட்சம் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

அந்த 80%, 70% கூட தாராளமான கணிப்பாக இருக்கலாம். கோகோ கோலா சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்திவிட்டுத்தான் 1985 ஏப்ரலில் அமெரிக்காவில் 'நியூ கோக்'கை இறக்கியது. 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எது ருசி என்று கேட்டார்கள். பழையது கடையிலிருந்தே காணாமல் போனால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பது அந்த சோதனையில் பிடிபடவில்லை. விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலய வாசலில் வியாழக்கிழமை நின்று நூறு பேரைக் கேட்பதும் சுலபம்தான். ஆனால் அன்று வருகிற கூட்டத்தில் பலர் நகரின் வேறு மூலைகளிலிருந்து வருபவர்கள். உங்களிடம் மதியச் சாப்பாடு வாங்கப்போவது அவர்கள் இல்லையே!

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது. இந்தக் கணக்கை கிச்சனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் போடணும். அந்த 3 லட்சம் நஷ்டத்தில் 2 லட்சம், திரும்ப வராத அட்வான்ஸாக ஏற்கெனவே போய்விட்டது என்றால், இனி தவிர்க்கக்கூடிய நஷ்டம் 1 லட்சம் மட்டுமே. அதில் 60% என்பது 60 ஆயிரம். ஜோசியரின் விலையே அவ்வளவுதான். இந்த நிலையில், 62 ஆயிரம் மதிப்பு இருந்த நம் சர்வேக்கு விலை பூஜ்ஜியம். ஏனென்றால், அது 'வேண்டாம்' என்று சொன்னாலும், மிச்சமிருக்கும் 1 லட்சத்தைப் போட்டு ஆரம்பிப்பதே கணக்குப்படி லாபமாக இருக்கும்.