வியாழக்கிழமைக்கு எந்த மறைபொருள்?

அக்டோபர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். அன்பியத்து ஆட்கள் தினம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுண்டலோ தேநீரோ கிடைக்கும். இந்தக் கூட்டங்களில் வியாழக்கிழமை மட்டும் ஒரு சின்னச் சலசலப்பு எழுவதுண்டு. "வியாழன்னா சந்தோஷ தேவ இரகசியந்தானே?" என்று பழைய ஜெபப் புத்தகத்தைப் பிரிப்பார் ஒரு பாட்டி. "இல்ல பாட்டி, இன்னைக்கு ஒளி" என்பாள் மறைக்கல்வி வகுப்பில் படித்துவிட்டு வந்த பேத்தி.

பாட்டி சொல்வதிலும் தவறில்லை. அவர் படித்த காலத்தில் ஜெபமாலையில் பதினைந்து மறைபொருள்களே இருந்தன. மகிழ்ச்சி ஐந்து, துயரம் ஐந்து, மகிமை ஐந்து. மூன்று தொகுதிகளை ஏழு நாளுக்குப் பங்கிட வேண்டியிருந்ததால் திங்களும் வியாழனும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், மீதி மூன்று நாளும் மகிமை என்று வைத்திருந்தார்கள். 2002 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒரு திருமடல் வெளியிட்டார். பழைய வரிசையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. ஆலயத்தில் காணாமல் போன பன்னிரண்டு வயதுச் சிறுவன், அடுத்த மறைபொருளிலேயே கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை சிந்துவார். நடுவே அவர் ஊர் ஊராகப் போதித்த காலத்துக்கு இடமில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே ஒளியின் மறைபொருள்கள் ஐந்தும் சேர்ந்தன.

இப்போதைய ஒழுங்கு இதுதான்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. காரணம் தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இயேசு இறந்தது வெள்ளி, அதனால் துயரம். உயிர்த்தது ஞாயிறு, அதனால் மகிமை. இராவுணவில் நற்கருணையை ஏற்படுத்தியது பெரிய வியாழன். ஒளியின் ஐந்தாவது மறைபொருளே அதுதான். சனிக்கிழமை மரபுப்படி மாதாவின் நாள். மகிழ்ச்சி மறைபொருள்களில் மாதா அதிகமாகத் தென்படுவதால் அவை சனிக்குப் போயின. செவ்வாயும் புதனும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

இது சட்டமன்று, பரிந்துரைதான். நியாயமான சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கம் தனக்கில்லை என்று அந்தத் திருமடலே சொல்கிறது. தவக்கால ஞாயிறுகளில் துயரமும் திருவருகைக்கால ஞாயிறுகளில் மகிழ்ச்சியும் சொல்வோர் இருக்கிறார்கள். ஆகவே வியாழன் மாலைச் சலசலப்பில் யாரும் பாவம் செய்துவிடவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஒரே மறைபொருளில் நிற்க வேண்டுமே, அதற்காகப் புதிய ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது.

இனி மாலையைக் கையில் எடுப்போம். சிலுவையிலிருந்து ஒரு சிறு வால் தொங்கும்: ஒரு பெரிய மணி, மூன்று சின்ன மணி, மறுபடி ஒரு பெரிய மணி. பிறகு ஒரு பதக்கம். பதக்கத்திலிருந்து வட்டம் தொடங்கும். அதில் பத்துப் பத்தாக ஐந்து கொத்துகள், கொத்துகளுக்கு இடையில் நான்கு பெரிய மணிகள். சின்ன மணிகளை எண்ணினால் வாலில் மூன்று, வட்டத்தில் ஐம்பது. நம் ஊரில் இதை 53 மணி ஜெபம் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். பெரிய மணிகள் ஆறு.

சிலுவை அடையாளம் வரைந்து, சிலுவையைப் பிடித்தபடி விசுவாசப் பிரமாணம். முதல் பெரிய மணியில் பரலோக மந்திரம். மூன்று சின்ன மணிகளில் மூன்று அருள் நிறை மந்திரம். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று வரங்களைக் கேட்பதற்கானவை இவை. தமிழ் வழக்கில் இந்த மூன்றுக்கும் முன்னால் மாதாவைப் பிதாவுக்கு மகளாக, சுதனுக்குத் தாயாக, தூய ஆவிக்கு மணவாட்டியாக விளிக்கும் சிறு வாக்கியங்களும் உண்டு. பிறகு திரித்துவத் துதி. இத்தோடு முன்னுரை முடிந்தது.

இரண்டாவது பெரிய மணியில்தான் முதல் பத்து தொடங்குகிறது. மறைபொருளை அறிவித்து, அதே மணியில் பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். பதக்கத்தைத் தாண்டி வட்டத்துக்குள் நுழைந்து பத்து அருள் நிறை மந்திரம். பத்தும் முடிந்ததும் சங்கிலியின் வெறும் இடத்தில் திரித்துவத் துதியும், தொடர்ந்து பாத்திமா ஜெபமும். 1917இல் போர்ச்சுகல் நாட்டின் பாத்திமாவில் மாதா மூன்று சிறார்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக நம்பப்படும் குறுஞ்ஜெபம் அது. அடுத்த பெரிய மணியில் இரண்டாம் மறைபொருள். இப்படியே ஐந்து முறை.

இவ்வளவையும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து மணியும் நகரும்போது மனம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே மந்திரத்தைப் பத்துமுறை சொல்வது பத்துமுறை கேட்பதற்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. அருள் நிறை மந்திரம் ஒருமுறை நிதானமாகச் சொல்ல இருபது விநாடி போல ஆகும். பத்து முறைக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த மூன்று நிமிடமும் மனம் ஒரே காட்சிக்குள் இருக்க வேண்டும். வாய் சொல்லும் ஜெபம், அந்த நேரத்தை அளந்து தருகிறது.

வியாழக்கிழமையின் இரண்டாம் பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜெபத்தை நடத்துபவர், "ஒளியின் இரண்டாம் மறைபொருள்: இயேசு கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதைத் தியானிப்போமாக" என்கிறார். நேரம் இருந்தால் யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்திலிருந்து இரண்டு மூன்று வசனம் வாசிக்கலாம். அதன்பின் நாலைந்து மூச்சு நேரம் மௌனம். திருமடல் வற்புறுத்தும் இந்த மௌனம்தான் நம் கூட்டங்களில் முதலில் காணாமல் போவது. "யாருக்கோ மறந்துபோச்சு போல" என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகத் தொடங்கிவிடுவார்.

பரலோக மந்திரம் முடிந்தது. முதல் மணிகளில் கலியாண வீட்டைப் பார்க்கலாம். கூட்டம் நிறைந்திருக்கிறது, இரசம் தீர்ந்துவிட்டது. பந்தியில் குறை வந்தால் வீட்டாருக்கு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த மணிகளில் மாதாவைப் பார்க்கலாம். அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. மகனிடம் இரசம் தீர்ந்துவிட்டதென்று மட்டும் சொல்கிறார், இப்படிச் செய் என்று யோசனை சொல்லவில்லை. மகனின் பதில் உடனே சம்மதம் போலத் தோன்றவில்லை. ஆனாலும் பணியாளர்களிடம், அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்கிறார். நற்செய்திகளில் மாதாவின் பேச்சாகப் பதிவான கடைசி வார்த்தைகள் அவையே. ஐந்தாறு மணி அங்கேயே நின்றுவிட்டாலும் நல்லதுதான்.

அப்புறம் ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்பவை. பணியாளர்கள் விளிம்புவரை தண்ணீர் நிரப்புகிறார்கள். இரசம் கேட்ட இடத்தில் தண்ணீர் சுமக்கச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். அவர்கள் சுமந்தார்கள். கடைசி மணிகளில் பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து வியக்கிறார். இரசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும்.

மணிக்கொரு காட்சி என்று கணக்குப் போட வேண்டியதில்லை. தொடக்கத்தில் மனத்துக்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்றுதான் இந்த வரிசை. அதுவும் கைகூடவில்லை என்றால் சில நாடுகளில் உள்ள ஒரு வழக்கம் உதவும். அருள் நிறை மந்திரத்தின் நடுவில் இயேசுவின் பெயர் வரும் இடத்தில் அன்றைய மறைபொருளைக் குறிக்கும் சிறு தொடர் ஒன்றைச் சேர்ப்பார்கள். தமிழில் அந்தத் தொடர் பெயருக்கு முன்னால் வர வேண்டும்: "கானாவில் தண்ணீரை இரசமாக்கிய இயேசுவும்" என்பதுபோல. திருமடலும் இதைப் பாராட்டுகிறது. தனியாகச் சொல்லும்போது மனம் அலைந்தால் இதைப்போல் கைகொடுப்பது வேறில்லை என்பேன்.

கூட்டத்தில் கெடுவது பெரும்பாலும் வேகம். மந்திரத்தின் முதல்பாதி நடத்துபவருக்கு, மறுபாதி மற்றவர்களுக்கு. மறுபாதியின் கடைசிச் சொல் முடியுமுன் நடத்துபவர் அடுத்த மந்திரத்தைத் தொடங்கிவிட்டால், மற்றவர்கள் அவரைத் துரத்த ஆரம்பிப்பார்கள். மூன்றாவது பத்துக்குள் பாதி வார்த்தைகள் காணாமல் போயிருக்கும். ஒரு பத்து இரண்டே நிமிடத்தில் முடிகிறதென்றால் இதுதான் நடக்கிறது. நடத்துபவர் ஒரு மூச்சு பொறுத்தாலே சரியாகிவிடும். மற்றவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பயனில்லை.

எண்ணிக்கை தவறுவது விரலால் வருவது. மந்திரம் தொடங்கும்போதே சிலர் மணியைத் தள்ளிவிடுவார்கள், சிலர் முடிந்ததும் தள்ளுவார்கள். இரண்டையும் கலந்தால் ஒன்பதோ பதினொன்றோ ஆகும். ஒரு மந்திரம் முழுவதும் ஒரே மணியைப் பிடித்திருந்து, முடிந்த பிறகே நகர்த்த வேண்டும். பெரிய மணிக்கு இருபுறமும் சங்கிலி சற்று நீளமாக விட்டிருப்பதால் கண்ணை மூடியிருந்தாலும் பத்து முடிந்ததை விரல் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் ஒன்று கூடுதலாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எண்ணிக்கையைச் சரிபார்க்க நிறுத்தினால் கலியாண வீட்டிலிருந்து வெளியே வந்துவிடுவோம்.

ஐந்து பத்தும் முடிந்தபின் கிருபை தயாபத்து மந்திரம். நம் வழக்கத்தில் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய தூதர்களையும் அப்போஸ்தலர்களையும் கூப்பிட்டு, சொன்ன 53 மணி ஜெபத்தை மாதாவின் பாதத்தில் வைக்கச் சொல்லும் ஒப்புக்கொடுத்தலும் உண்டு. பிறகு தேவமாதா பிரார்த்தனை. இது ஜெபமாலையின் கட்டாயப் பகுதியன்று. குழந்தைகள் தூங்கி வழிந்தால் விட்டுவிடலாம்.

ஆலயத்திலோ குடும்பமாகவோ கூட்டமாகவோ சொல்லும் ஜெபமாலைக்குப் பரிபூரண பலன் உண்டு என்று திருச்சபை சொல்கிறது. அதற்கு ஒப்புரவு அருள்சாதனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காக ஜெபித்தல் ஆகிய வழக்கமான நிபந்தனைகள் பொருந்தும். ஐந்து பத்தையும் இடைநிறுத்தாமல் தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும், வாயால் சொல்வதோடு மறைபொருளைத் தியானிக்கவும் வேண்டும், பலர் கூடிச் சொல்லும்போது மறைபொருளை அறிவித்தாக வேண்டும். ஆகவே, மறைபொருளைச் சொல்லாமல் நேராக அருள் நிறை மந்திரத்துக்குள் குதிக்கும் அவசரக் கூட்டங்கள் இந்த விதியில் தேறமாட்டா. நேரம் குறைவு என்றால் தேவமாதா பிரார்த்தனையை விடலாம், பாட்டை விடலாம். "ஒளியின் இரண்டாம் மறைபொருள்" என்ற அறிவிப்பை விடக்கூடாது.