எண்பத்தாறை எண்பத்தெட்டாக்குவது

ஒரு கடைக்காரரிடம் பேட்டி எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவில் அவர் சொல்வது இது: “எங்கப்பா இந்தக் கடையை எண்பத்தாறுல, இல்ல, எண்பத்தெட்டுல ஆரம்பிச்சார்.” நேரில் கேட்டவருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் பாட்காஸ்டில் கேட்பவர் எண்பத்தாறு என்பதையும் மனதில் வாங்கிக்கொண்டு பிறகு அழிக்க வேண்டியிருக்கிறது. எனவே தவறாக வந்த சொல்லையும், “இல்ல” என்பதையும், நடுவே அவர் அவசரமாக இழுத்த மூச்சையும் எடுத்துவிட வேண்டும். கேட்பவருக்கு அங்கே கத்தி பட்டதே தெரியக் கூடாது.

முதன்முறை இதைச் செய்பவர்கள் கை போகும் இடம் சொற்களுக்கு இடையிலான இடைவெளி. எழுத்தில் அந்த இடைவெளி உண்டு, பேச்சில் பெரும்பாலும் இல்லை. “கடையை எண்பத்து” என்று சொல்லிப் பாருங்கள். ‘யை’ முடியும் இடமும் ‘எ’ தொடங்கும் இடமும் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கின்றன. திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு கிழிக்க இடம் கிடைக்காது. அந்த இடத்தில் வெட்டி ஒட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒலி அலை மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெட்டிய இடத்தில் முதல் துண்டு அலையின் உச்சியில் நின்றுபோய், இரண்டாம் துண்டு பள்ளத்தில் தொடங்கினால், ஒலிபெருக்கியின் கூம்பு கண நேரத்தில் உச்சியிலிருந்து பள்ளத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவல்தான் காதில் விழுகிறது. அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டுவது இதற்குப் பழைய மருந்து. ஆடாசிட்டியில் Z விசையை அழுத்தினால் தேர்வின் இரு ஓரங்களும் அப்படிப்பட்ட புள்ளிக்கு நகர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு துண்டு ஏறுமுகமாகக் கோட்டைத் தொட்டு, மற்றது இறங்குமுகமாகத் தொட்டால் அங்கேயும் ஒரு முறிவு மிச்சம் இருக்கும். அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது.

நம்ப வேண்டியது கிராஸ்ஃபேடை. முதல் துண்டின் வால் தேய்ந்துகொண்டே போக, இரண்டாம் துண்டின் தலை அதன் மீதே வளர்ந்துகொண்டே வரும். கணினிக்கு முன்பே இது இருந்தது. வானொலிக்காரர்கள் காந்த நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய நாட்களில், நாடாவின் குறுக்கே நேராக வெட்டாமல் 45 பாகை சாய்வாக வெட்டினார்கள். கால் அங்குல அகல நாடாவில் அந்தச் சாய்வு கால் அங்குல நீளம் பிடிக்கும். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் அது விநாடியில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 மில்லி விநாடி. ஒட்டு கருவியைக் கடக்கும் அந்த நேரத்தில் ஒரு ஒலி தேய்ந்து மற்றது வளர்ந்தது. இன்று மென்பொருளில் சுட்டியால் இழுத்து வரைகிற சாய்கோடு செய்வதும் அதே வேலைதான்.

இனி நம் கடைக்காரருக்கு வருவோம். வெட்ட ஏற்ற இடம் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. எண்பத்தாறு, எண்பத்தெட்டு இரண்டிலும் ‘த்த’ வருகிறது. அதைச் சொல்லும்போது நாக்கு பல்லின் பின்புறம் அழுந்தி நின்று காற்றை அடைத்துவிடுகிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ குரலே இல்லை. க்க, ட்ட, ப்ப எல்லாவற்றிலும் இதே அடைப்பு உண்டு. தமிழ் ஒலிப்பதிவைத் திருத்துகிறவருக்கு மொழி அள்ளித் தந்திருக்கும் சலுகை என்றே இதைச் சொல்வேன். முதல் ‘எண்பத்’ வரை வைத்துக்கொண்டு, அடைப்பின் நடுவில் வெட்ட வேண்டும். இரண்டாவது முறை சொன்னதில் அதே அடைப்பின் நடுவில் வெட்டி, அங்கிருந்து தொடரும் ‘தெட்டுல ஆரம்பிச்சார்’ என்பதைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட மௌனம் என்பதால் 5 முதல் 10 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் போதும்.

இரண்டிலும் நடுவில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. அடைப்பின் நீளம் ஒன்றுக்கு மேல் போனால் பேசுபவர் திக்குவது போல் கேட்கும். பாதியாகிப் போனாலோ ‘த்த’ ஒற்றைத் ‘த’ ஆகிவிடும். ‘பத்து’ ‘பது’வாகும் விபரீதம் இது. முதல் பாதியும் இரண்டாம் பாதியும் சேர்ந்து ஒரே ஒரு முழு அடைப்பு ஆக வேண்டும்.

கிளிக் போய்விட்டது, ஆனாலும் ஏதோ உறுத்துகிறதா? பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கம்தான் காரணம். தன்னைத் திருத்திக்கொள்பவர் சரியான சொல்லை அழுத்திச் சொல்வார். ‘எட்டு’ சத்தமாகவும் உயர்ந்த சுருதியிலும் விழுந்திருக்கும். சத்தத்தை இரண்டு மூன்று டெசிபெல் குறைக்கலாம், சுருதியை அவ்வளவு எளிதில் இயல்பு கெடாமல் குறைக்க முடியாது. அது ஒட்டவில்லையென்றால் எண் முழுவதையும் இரண்டாவது முறை சொன்னதிலிருந்தே எடுத்துக்கொண்டு, ‘கடையை’ முடிந்ததும் ஒரு மூச்சை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். மூச்சுக்குப் பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்து தொடங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எந்த மூச்சு என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ‘இல்ல’ என்று சொன்ன பிறகு அவர் இழுத்தது பதற்றமான, கூரான மூச்சு. அதை அப்படியே விட்டால், என்னவென்று தெரியாவிட்டாலும் இங்கே ஏதோ நடந்தது என்று கேட்பவர் உணர்ந்துவிடுவார். அதே பதிவில், அதே மைக் தூரத்தில், இவர் நிதானமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் இழுத்த மூச்சைத் தேடி நகலெடுக்க வேண்டும். நீண்ட வாக்கியத்துக்கு முன் வருவது நீண்ட மூச்சு, இரண்டே சொல்லுக்கு முன் வருவது குட்டி மூச்சு. நமக்கு வேண்டியது குட்டி மூச்சு. அடுத்து வரும் எழுத்துக்குத் தயாராகும் வாயின் வடிவம் மூச்சின் கடைசியில் கேட்கும் என்பதால், ‘எ’ அல்லது ‘இ’யில் தொடங்கும் வாக்கியத்தின் மூச்சு கிடைத்தால் நல்லது. ‘ஊ’வுக்கு முன் வந்த மூச்சு குவிந்த உதட்டின் ஒலியோடு வரும்.

மூச்சு நீளமாக இருந்தால் வாலையோ தலையையோ நறுக்காதீர்கள். பாதியில் அறுந்த மூச்சைப் போல் வெட்டைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, 20 முதல் 50 மில்லி விநாடி கிராஸ்ஃபேடால் இணையுங்கள். மூச்சு வெறும் இரைச்சல் என்பதால் இணைப்பு எளிதில் மறையும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்கள் சந்திக்கும் இடத்தில் நேர்கோட்டு கிராஸ்ஃபேட் போட்டால் நடுவில் சுமார் 3 டெசிபெல் பள்ளம் விழும். சமசக்தி வளைவைத் தேர்ந்தெடுத்தால் அது விழாது.

சரிபார்க்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், கண் வெட்டை எதிர்பார்த்துக் காதைக் கெடுத்துவிடும். வெட்டுக்கு ஐந்தாறு விநாடி முன்பிருந்து ஹெட்போனில் ஓடவிட்டுக் கேளுங்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் நல்ல ஒட்டும் கெட்டதாகத் தோன்றும், கெட்டதும் பழகிவிடும். கிளிக் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு மட்டும் கண்ணைப் பயன்படுத்தலாம். ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் அது எல்லா அதிர்வெண்களையும் தொட்டு நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும்.

எல்லாம் செய்தும் தப்ப முடியாத இடங்கள் உண்டு. பின்னணியில் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் சொல் ஒட்டும், ஹாரன் ஒட்டாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் தாளம் தடுக்கும். ஒரே சீரான மின்விசிறி இரைச்சல் பரவாயில்லை. யாரும் பேசாமல் அந்த அறையை முப்பது விநாடி பதிவு செய்து வைத்திருந்தால், அதிலிருந்து ஒரு துண்டைக் கீழே ஓடவிட்டு இடைவெளியை நிரப்பலாம். ஆகவே பேட்டியின்போதே தவறு காதில் விழுந்தால், சொல்லை மட்டும் திருத்தச் சொல்லாமல், “அண்ணே, அந்த வாக்கியத்த மொதல்லேருந்து ஒரு தடவ சொல்லிடுங்க” என்று கேட்டுவிடுவது உத்தமம். அப்போதே கேட்க வேண்டும். மறுநாள் வாங்கிய வாக்கியத்தில் மைக் தூரம் மாறியிருக்கும், குரலும் வேறு களைப்பில் இருக்கும்.