காகம் வாய் திறந்தால் வடை விழ வேண்டும்

பாட்டி வடை சுட்ட கதையைக் காகித வெட்டு அனிமேஷனாக எடுக்கத் திரைக்கதை எழுதுபவர், வசனத்துக்கு முன் எந்தக் காகிதம் மேலே, எது கீழே என்பதை எழுதிவிட வேண்டும். மேசைக்கு மேல் கேமரா கீழ்நோக்கி நிற்கும். அதன் அடியில் கிடக்கும் பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுப்பார்கள். பாதியில் அடுக்கை மாற்றினால் பொம்மை துள்ளிவிடும்.

இந்தக் கதையின் உயிர் காகத்தின் அலகில் இருக்கிறது. தலையும் மேலலகும் ஒரே துண்டு. கீழலகு தனித் துண்டு. மேலிருந்து பார்த்தால் முதலில் தலை, அதன் அடியில் வடை, அதற்கும் அடியில் கீழலகு. இப்படி எழுதி வைத்தால்தான் வடை கவ்விய மாதிரி தெரியும், அலகு திறந்ததும் தடையில்லாமல் உருவி வரும்.

மூட்டில் இரண்டு துண்டுகளின் முனைகளையும் ஒரே அளவு வட்டமாக வெட்டி, நட்டநடுவில் துளையிட்டு, நூலைக் கோத்து இருபுறமும் முடிச்சுப் போட வேண்டும். துளை நடுவை விட்டு விலகினால் அலகு திறக்கும்போது கன்னத்தில் கீற்றாக வெளிச்சம் தெரியும். முடிச்சு இறுகினால் அலகோடு தலையும் திரும்பும். பாதி திறந்து கையை எடுங்கள். அலகு அப்படியே நின்றால் முடிச்சு சரி. 1926-இல் வெளியான ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ படத்துக்கு லோட்டே ரைனிகர் அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் பயன்படுத்தி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்தார். ஈயத்தின் கனம் பொம்மையைத் தட்டையாகக் கிடத்தும். வெறும் காகிதம் என்றால் மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும்.

வடையோடு காகம் மரத்துக்குப் பறக்கும் காட்சியில் கேமரா அசைவதே இல்லை. காகம் திரையின் நடுவிலேயே இறக்கையடிக்கும். பின்னணிகள்தான் எதிர்த்திசையில் நகரும். நொடிக்கு 12 படம் என்றால் 4 நொடிக்கு 48 படம். முன்னால் உள்ள புதர் ஒவ்வொரு படத்துக்கும் 6 மில்லிமீட்டர், நடுவில் வீடுகள் 3, தொலைவில் மலை 1 என்று நகர்ந்தால் கண்ணுக்கு ஆழம் கிடைக்கும். புதர் மொத்தம் 288 மில்லிமீட்டர் ஓடும். திரையின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால், புதர் வரைந்த பட்டை 69 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மலைக்கு 45 போதும். இந்தக் கணக்கு திரைக்கதையில் இல்லாவிட்டால், மரம் வருவதற்குள் புதர் தீர்ந்து வெறும் மேசை தெரியும்.

நகர்வை முழு வேகத்தில் தொடங்கினால் படம் வெட்டி இழுக்கும். ஆகவே முதல் சில படங்களில் 1, 2, 4 என ஏற்றி, முடிவில் அதேபோல் இறக்குவார்கள். விழும் வடைக்கு மட்டும் இறக்கம் கிடையாது: 2, 6, 10, 14 மில்லிமீட்டர் என்று கூடிக்கொண்டே போய், நரியின் வாயில் சட்டென்று நிற்க வேண்டும்.