கிளினிக்கில் கடைசியாகத் தரும் கடிதம்

அண்மையில் கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய குடும்பம். அவருடைய பத்து வயது மகனைச் சில மாதமாகச் சிறுவர் உளவியலாளரிடம் காட்டி வந்தார்கள். கடைசி நாளில் கையில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள், இங்கிலீசில்.

"ஐயா, இனி வரத் தேவையில்லைன்னு எழுதிக் குடுத்திட்டாங்க. சுகமாயிடுச்சா, இல்ல கையை விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

இரண்டும் இல்லை. இப்படியான கடிதம் வேறு வீடுகளுக்கும் வரலாம் என்பதால் அதை இங்கே விளக்குகிறோம். பிள்ளையை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

பையன் ஏ9 வீதியில் தன் கண் முன்னால் தகப்பனை பஸ் மோதியதைப் பார்த்தவன். தகப்பன் பிழைத்துக்கொண்டார். ஆனால் பையன் ராத்திரியில் கத்தி எழும்பினான், படுக்கையை நனைத்தான், ஹோர்ன் சத்தம் கேட்டால் ஒளிந்தான். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறவே மாட்டான். கடிதத்தின் முதல் பந்தி இதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது பந்தியில் என்ன வைத்தியம் என்று இருந்தது. ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, பிறந்த நாள் முதல் நடந்த நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் பிள்ளையை வைக்கச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு கல்லையும் பற்றி ஆறுதலாகக் கதைக்கச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். முடிவில் அந்தக் கதையைப் பிள்ளையிடமே கொடுப்பார்கள். இது நம்ம நாட்டுக்குப் புதிதல்ல. யுத்தமும் சுனாமியும் பார்த்த வடகிழக்குப் பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே இதை ஆறு தடவை இருந்து செய்தார்கள். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 81 பேர் தேறியிருந்தார்கள். அதாவது ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அதனால்தான் கடிதத்தில் அடுத்தது என்ன என்றும் எழுதுகிறார்கள்.

மூன்றாவது பந்தியில் "29இலிருந்து 11" என்று இருந்தது. தகப்பன் இதைப் பார்த்துப் பயந்துவிட்டாராம், மகன் மார்க்ஸ் குறைஞ்சு போனான் என்று! இது பரீட்சைப் புள்ளி இல்லை. எட்டுக் கேள்வி கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் 0, 1, 3, 5 என்று போடுவார்கள். ஆகக்கூடியது 40. 17 அல்லது அதற்கு மேல் வந்தால் பிள்ளையைக் கவனமாகப் பரிசோதிக்க வேண்டும். இங்கே குறையக் குறைய நல்லது. ஆனாலும் 11 என்பது பூச்சியம் இல்லைதானே.

அந்த மிச்சம் எது என்பதை நாலாவது பந்தி சொல்கிறது: பஸ். வீட்டார் பாசத்தில் அவனை சைக்கிளிலேயே ஏற்றி இறக்கினார்கள். அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் தப்பி ஓடினால்தான் பிழைக்கலாம் என்று பிள்ளையின் மனசு படித்துக்கொள்கிறது, பயம் வளர்கிறது. ஆகவே படிப்படியாகப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அம்மாவோடு நிறுத்தத்தில் நின்று பஸ் போவதைப் பார்ப்பது. அடுத்து, நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்வது. பிறகு ஒரு ஹோல்ட் தூரம் போவது. கடைசியில் பள்ளிக்கூடம் வரை. நெஞ்சு படபடப்பு அடங்கும் மட்டும் பிள்ளையோடு அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறக்கிக்கொண்டு வந்தால் பழைய பாடம்தான். ஒரு படி லேசான பிறகே அடுத்த படி. ஏமாற்றி ஏற்றவோ அடித்து இழுக்கவோ கூடாது. வீதியைக் கடக்கும்போது பார்த்துக் கடக்கும் பயம் இருக்கட்டும், அது தேவையான பயம்.

இடையில் ஒரு கெட்ட கனவு வந்தால், விபத்து நடந்த திகதி கிட்டும்போது சிணுங்கினால், பதற வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை கெட்டாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ திரும்பி வரும்படி எழுதியிருக்கிறார்கள். புதுத் துண்டு தேவையில்லை, இந்தக் கடிதமே போதும். சாகப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் மட்டும் நாள் பார்க்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இவனுக்கு மாத்திரை இல்லை. மாத்திரை எடுக்கிற பிள்ளை என்றால், உளவியலாளரின் கடிதம் வந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். மருந்தை எழுதிய டொக்டர்தான் அதைத் தீர்மானிப்பார்.

இதைப் பள்ளிக்கூடத்தில் காட்டலாமா என்றும் அந்தத் தாய் கேட்டார். பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம், அது வீண் பயமும் இல்லை. முழுக் கடிதத்தையும் கொடுக்கத் தேவையில்லை. பிள்ளை பஸ்ஸுக்குப் பழகிக்கொண்டிருக்கிறான், சில நாள் பிந்தி வருவான் என்று வகுப்பு ஆசிரியருக்குச் சொன்னால் போதும். கடிதத்தைக் கிளினிக் கொப்பியோடு வைத்து, ஒரு போட்டோக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீசில் எழுதித் தந்தால், எழும்பி வருவதற்கு முன்னமே "தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்" என்று அங்கேயே கேளுங்கள்.