தூணைச் சுற்றி ஓர் அங்குலம்

1981 மார்ச் 27. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கோகோ பீச் என்ற கடலோர ஊர். ‘ஹார்பர் கே’ என்ற ஐந்து மாடி அடுக்ககத்தின் கூரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடியப்போகும் நேரத்தில் ஐந்தாம் மாடித் தளம் தூண்களிலிருந்து பிய்ந்து இறங்கியது. அதன் கீழிருந்த தளங்களும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள், 23 பேர் காயமடைந்தார்கள்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தேசியத் தரநிலைப் பணியகம் இரண்டு காரணங்களைச் சொன்னது. வடிவமைத்தவர்கள் பஞ்சிங் ஷியர் என்ற கணக்கைப் போடவே இல்லை. தளத்தின் கனம் 8 அங்குலம், அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 11 அங்குலம் தேவை என்று வந்திருக்கும். இரண்டாவது, மேல் கம்பிகளைத் தாங்கும் ‘சேர்’ எனப்படும் கம்பி முட்டுகள் உயரம் குறைந்தவை. அதனால் மேல் கம்பி இருக்கவேண்டிய இடத்தைவிடச் சுமார் ஓர் அங்குலம் தாழ்ந்து கிடந்தது.

விட்டுப்போன அந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடக்கூடியது.

சாதாரண வீட்டில் தளத்தின் சுமை பீமுக்குப் போகும், பீம் அதைத் தூணில் இறக்கும். பீமே இல்லாமல் தளத்தை நேராகத் தூண்மேல் உட்கார வைப்பதுதான் ஃப்ளாட் ஸ்லாப். சென்ட்ரிங் வேலை சுலபம். மாடியின் உயரம் மிச்சம். ஏசி குழாய்களும் மின்சாரப் பைப்புகளும் பீமில் இடிக்காமல் போகும். கார் நிறுத்தும் தளங்களிலும் பெரிய கடைகளிலும் அலுவலகங்களிலும் இதை விரும்புவதற்கு இவையே காரணம். ஆனால் பீம் செய்துவந்த வேலையைத் தூணைச் சுற்றியுள்ள கொஞ்சம் கான்கிரீட் செய்தாக வேண்டும். நான்கு பக்கமும் விரிந்து கிடக்கும் தளத்தின் சுமை முழுவதும் அந்தச் சிறிய வட்டாரம் வழியாகத்தான் தூணுக்குள் நுழைகிறது.

அந்த வட்டாரம் தாங்காவிட்டால் தளம் வளைந்து உடைவதில்லை. தூணின் முகத்தில் தொடங்கும் விரிசல் சரிவாக மேலேறி விரிந்து, வாயை மேலே வைத்த புனல் வடிவில் ஒரு துண்டைத் தளத்திலிருந்து பிரித்துவிடுகிறது. அந்தத் துண்டு தூணின் தலையிலேயே நின்றுவிட, மற்ற தளம் கீழே இறங்குகிறது. வளைந்து உடையும் பீம் முதலில் தொய்யும், அடியில் வெடிப்பு காட்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் தரும். இது பெரும்பாலும் அந்த நேரத்தைத் தருவதில்லை. ஒரு தூணில் அறுந்ததும் அதன் சுமை பக்கத்துத் தூண்களின்மேல் விழுகிறது. அவையும் வரிசையாக அறுந்துவிடலாம்.

இனி கணக்கு. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்லும் முறை இது. மேல் கம்பியிலிருந்து தளத்தின் அடிவரை உள்ள ஆழத்துக்குப் பயனுறு ஆழம் என்று பெயர். அதில் பாதி தூரத்தைத் தூணின் எல்லா முகங்களிலிருந்தும் தள்ளி, தூணைச் சுற்றி ஒரு கற்பனைக் கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டின் மொத்தச் சுற்றளவைப் பயனுறு ஆழத்தால் பெருக்கினால் கிடைக்கும் பரப்புதான் சுமையைத் தடுத்து நிற்கிறது. எம் 25 தரக் கான்கிரீட் என்றால், சதுரத் தூணைச் சுற்றி ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12.7 கிலோ வரை அது தாங்கும் என்று தரநிலை வைத்துக்கொள்கிறது.

ஓர் உதாரணம். இரு திசையிலும் 6 மீட்டருக்கு ஒரு தூண். 40 சென்டிமீட்டர் சதுரத் தூண். தளத்தின் கனம் 22.5 சென்டிமீட்டர். தளத்தின் சொந்த எடை, டைல்ஸ், அலுவலகத்தில் புழங்கும் ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு டன். பாதுகாப்புக்காக அதை ஒன்றரை மடங்காக்கினால் 1.55 டன். ஒரு நடுத்தூண் சுமக்கும் தளப்பகுதி 36 சதுர மீட்டர். கோட்டுக்கு உள்ளே இருக்கும் சிறு பகுதியைக் கழித்தால், கோட்டைக் கடந்து தூணுக்கு வரும் சுமை சுமார் 55 டன்.

மேல் கம்பி சரியான இடத்தில் இருந்தால் பயனுறு ஆழம் 19.5 சென்டிமீட்டர். கோட்டின் ஒரு பக்கம் 59.5, நான்கு பக்கமும் சேர்த்து 238 சென்டிமீட்டர். அதை 19.5-ஆல் பெருக்கி, 12.7 கிலோவாலும் பெருக்கினால் சுமார் 59 டன். வரும் சுமை 55, தாங்குவது 59. தளம் தேறிவிட்டது.

இப்போது கான்கிரீட் போடும் நாளை எண்ணிப் பாருங்கள். பாண்டுச் சட்டியோடு ஆட்கள் மேல் கம்பியின்மேல் நடக்கிறார்கள். பம்ப் குழாயை இழுத்துப் போடுகிறார்கள். சேர் போதிய எண்ணிக்கையில் இல்லையென்றால் கம்பி அமுங்கும். 2.5 சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் தாழ்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஆழம் 17 ஆகிறது. கோடும் தூணை நெருங்கிவந்து 228 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. தாங்கும் அளவு இப்போது சுமார் 49 டன்தான். வரும் சுமையோ அதே 55 டன். வரைபடத்தில் தேறிய தளம் கம்பி அமுங்கியதால் தோற்றுப்போனது. கான்கிரீட் இறுகியபின் வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் இது தெரியாது. ஒன்றரை மடங்குப் பாதுகாப்பு இருக்கிறதே, உடனே இடிந்துவிடாதே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு இதைப்போல எதிர்பாராத பல குறைகளுக்குப் பொதுவாக வைத்தது. ஒரே குறை அதில் பெரும்பங்கை விழுங்க விடக்கூடாது.

நம் உதாரணத்தில் 4 டன் மிச்சம் இருந்ததும் உண்மையில் அவ்வளவு வசதியானதல்ல. தளத்தின் ஒரு பக்கம் சுமை கூடுதலாக இருந்தால் தூண் நேராக அழுத்தப்படுவதோடு வளைக்கவும் படுகிறது. அதனால் கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தம் ஏறும். ஓரத் தூணுக்கும் மூலைத் தூணுக்கும் நிலைமை இன்னும் மோசம். அங்கே கோடு மூன்று பக்கமோ இரண்டு பக்கமோதான், வளைப்போ அதிகம். தூணை 9 அங்குலச் சுவருக்குள் மறைப்பதற்காக 23-க்கு 60 சென்டிமீட்டர் என்று நீளமாக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. நீளப்பக்கம் குறுகிய பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால், தாங்கும் அளவைக் குறைத்தே எடுக்கவேண்டும் என்கிறது தரநிலை. 23-க்கு 60 என்றால் சுமார் 12 சதவீதம் போய்விடும். தூணை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய்க்கு ஓட்டை விட்டால் கோட்டில் அந்தப் பகுதியும் கழிந்துபோகும். பிளம்பர் தூண் ஓரமாகத் துளைபோட வரும்போது, பொறியாளரைக் கேட்காமல் யாரும் அனுமதிக்கக்கூடாது.

கணக்கு தோற்றால் வழிகள் உண்டு. தளத்தைக் கனமாக்கலாம், தூணைப் பெரிதாக்கலாம், தூணைச் சுற்றி மட்டும் தளத்தின் அடியைத் தடிப்பாக்கலாம், தூணின் தலையை விரித்துக் கட்டலாம். 1906-இல் அமெரிக்காவில் டர்னரும் 1910-இல் சுவிட்சர்லாந்தில் மாயாரும் கட்டிய முதல் பீமில்லாத் தளங்களில் தூண்களின் தலை விரிந்திருந்தது. அழகாகத் தெரியும் அந்த விரிவு கோட்டின் சுற்றளவைக் கூட்டுகிறது. தூணைச் சுற்றித் தளத்துக்குள் வளையக் கம்பிகள் வைப்பது இன்னொரு வழி. ஆனால் கான்கிரீட் தனியாகத் தாங்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தம் வந்தால், கம்பியை எவ்வளவு வைத்தாலும் ஐ.எஸ். 456 ஏற்பதில்லை. தளத்தைத் திரும்ப வடிவமைக்கத்தான் வேண்டும்.

தூணைச் சிறிதாக்குவதன் விலையை 1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சோல் நகரம் கொடுத்தது. சாம்பூங் என்ற பல்பொருள் அங்காடி பீமில்லாத் தளங்களால் ஆனது. 80 சென்டிமீட்டர் விட்டம் இருக்கவேண்டிய தூண்கள் 60 சென்டிமீட்டருக்குக் குறைக்கப்பட்டிருந்தன. ஐந்தாம் மாடியில் ஸ்கேட்டிங் தளத்துக்குப் பதிலாக உணவகங்கள் வந்து சுமையைக் கூட்டின. கூரையில் கனமான ஏசி இயந்திரங்களை இடம் மாற்ற இழுத்துச் சென்றபோது விரிசல் விழுந்தது. கடைசி நாளில் விரிசல்கள் வெளிப்படையாகத் தெரிந்தும் நிர்வாகம் வாடிக்கையாளர்களை வெளியேற்றவில்லை. 502 பேர் இறந்தார்கள்.

வீடு கட்டுகிறவர்கள் இதை அடுக்குமாடிக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் இருக்கும் ஃபுட்டிங்கும் தலைகீழான ஒரு ஃப்ளாட் ஸ்லாப்தான். அங்கே மண் மேல்நோக்கித் தள்ளுகிறது, தூண் கீழ்நோக்கி அழுத்துகிறது. கணக்கு அதே கணக்கு. ஆனால் ஃபுட்டிங்கில் பெரும்பாலும் வளையக் கம்பி வைப்பதில்லை. கனம் மட்டுமே காவல். கம்பி அடியில் இருப்பதால், கான்கிரீட் குறைவாகப் போட்டால் ஆழம் குறைந்துவிடும். 45 சென்டிமீட்டர் எழுதியிருக்க, குழியை ஒழுங்காக வெட்டாமலும் மேல்மட்டம் பார்க்காமலும் 40 சென்டிமீட்டரோடு நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது. மேல்புறம் சரிவாக இருக்கும் ஃபுட்டிங்கில், கோடு செல்லும் இடத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதுதான் கணக்கு, தூணடியில் இருக்கும் முழு ஆழமல்ல.

கட்டி முடிந்த கட்டடத்தில் ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தளத்தின் மேற்புறத்தில் தூணிலிருந்து ஆரங்களாகவோ, தூணை வளைத்தோ ஓடும் விரிசல்தான் முக்கிய அடையாளம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. மேலே டைல்ஸ் இருந்தால் அதுவும் மறைத்துவிடும். தூணைச் சுற்றி டைல்ஸ் கிளம்பினாலோ, இணைப்புகள் திரும்பத்திரும்ப விட்டாலோ பூசி மறைக்காமல் பொறியாளரை அழைக்க வேண்டும். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை உடைக்காமலே கருவி வைத்து அளக்க முடியும்.

ஹார்பர் கே போன்ற தொடர் வீழ்ச்சிகள் இன்னொரு பாடத்தையும் கொடுத்தன. 1989 முதல் அமெரிக்கத் தரநிலை, தளத்தின் அடிக் கம்பிகளில் ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு, தூணுக்குள் புகுந்து மறுபக்கம் செல்ல வேண்டும் என்கிறது. மேல் கம்பிகள் பஞ்சிங்கில் கான்கிரீட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடிக் கம்பிகளோ தூணின்மேல் மாட்டிக்கொண்டு தளத்தைத் தொங்கவைக்கும். அதனால் வீழ்ச்சி ஒரே தூணோடு நின்றுவிட வாய்ப்புண்டு. இதற்கு ஆகும் கூடுதல் கம்பிச் செலவு சொற்பம்.

பீமில்லாத் தளம் போடுகிறவர்கள் கான்கிரீட் வண்டி வருவதற்குமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தூண் ஓரத்திலும் டேப்பை வைத்து, சென்ட்ரிங் பலகையிலிருந்து மேல் கம்பிவரை உயரத்தை அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் சேர்களை மாற்றும்வரை கான்கிரீட்டை இறக்க விடாதீர்கள்.