எட்டாம் நாள் அறிக்கை: எலும்பு மஜ்ஜை என்ன சொல்கிறது?

பட்டினப்பாக்கத்தில் நான் அறிவியல் கற்பிக்கும் பள்ளிக்குப் பெரும்பாலும் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்தே பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தபோது வெளுத்திருந்தது. மாதவிடாயில் பல மாதங்களாக அதிக இரத்தப்போக்கு என்பதும், காலையில் சாப்பிடாமலேயே பள்ளிக்கு வருகிறாள் என்பதும் அவளிடம் பேசியபோது தெரிந்தது. அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 6.8 கிராம். அந்த வயதில் 12 இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை.

அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: ரெட்டிகுலோசைட் 2.4 சதவீதம். பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பு அளவு 0.5 முதல் 2.5 வரை. “இதுவாவது சரியாக இருக்கிறதே” என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அது சரியாக இருப்பதுதான் டீச்சர் பிரச்சினை” என்றார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள்கள் ஆயின. புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சதவீதம் எங்கிருந்து வருகிறது?

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் ஒவ்வொரு நாளும் 120இல் ஒரு பங்கு அணுக்கள் முதிர்ந்து அழிகின்றன. அதே அளவு புதிய அணுக்களை எலும்பு மஜ்ஜை அனுப்பியாக வேண்டும். 120இல் ஒன்று என்பது ஏறத்தாழ 0.8 சதவீதம். நல்ல உடல்நலம் உள்ள ஒருவரின் இரத்தத்தில் நூறு சிவப்பணுக்களை எண்ணினால், அவற்றில் ஒன்று நேற்றோ இன்றோ வந்து சேர்ந்ததாக இருக்கும். அந்தப் புதுவரவுக்குத்தான் ரெட்டிகுலோசைட் என்று பெயர். இளம் சிவப்பணு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

மஜ்ஜையில் வளரும் சிவப்பணு கடைசிக் கட்டத்தில் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் ஹீமோகுளோபினைத் தயாரித்த ரைபோசோம்களும் ஆர்.என்.ஏ.வும் இன்னும் சில நாள்கள் உள்ளே எஞ்சியிருக்கும். இந்த நிலையில் அது மூன்று நாள்கள் போல மஜ்ஜையிலும், பிறகு ஒரு நாள் இரத்தத்திலும் இருக்கும். அதற்குள் எச்சம் முழுவதும் கரைந்து, முதிர்ந்த சிவப்பணு ஆகிவிடும்.

இரத்தத்தோடு நியூ மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து, உடல் வெப்பநிலையில் கால் மணி நேரம் போல வைத்தால், அந்த எச்சம் நீலநிற வலைபோலத் திரண்டு தெரியும். ரெட்டிகுலம் என்றால் சிறு வலை. பெயர் வந்த காரணம் அதுதான். அணுக்கள் உயிரோடு இருக்கும்போதே சாயம் ஏற்ற வேண்டும். வழக்கமான இரத்தப் பூச்சில் இந்த வலை தெரியாது. நுண்ணோக்கியில் ஆயிரம் சிவப்பணுக்களை எண்ணி, அவற்றில் வலை உள்ளவை எத்தனை என்று குறிப்பார்கள். பெரிய ஆய்வகங்களில் இப்போது கருவியே எண்ணிவிடுகிறது.

ஹீமோகுளோபின் கையிருப்பைக் காட்டுகிறது. இளம் சிவப்பணு எண்ணிக்கையோ தினசரி வரவைக் காட்டுகிறது. அதனால்தான் இரத்தசோகை உள்ளவரின் எலும்பு மஜ்ஜை எப்படி வேலை செய்கிறது என்பதை ஊசி போட்டு மஜ்ஜையை எடுக்காமலேயே அறிய முடிகிறது.

2.4 ஏன் நல்ல செய்தி அல்ல?

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இன்று ஒரு மாணவி புதிதாகச் சேர்ந்தால் புதுவரவு 2.5 சதவீதம். வகுப்பில் 22 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அதே ஒரு மாணவி 4.5 சதவீதம் ஆகிவிடுகிறாள். வந்தது ஒருவர்தான். பகுதி குறைந்ததால் சதவீதம் ஏறிவிட்டது. இரத்தசோகையிலும் இதே மயக்கம் உண்டு. மொத்தச் சிவப்பணுக்கள் குறைந்திருப்பதால், மஜ்ஜை கூடுதலாக எதுவும் செய்யாமலேயே சதவீதம் உயர்ந்து தெரியும்.

இதைச் சரிசெய்ய, இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் கன அளவு பயன்படுகிறது. அறிக்கையில் பி.சி.வி. என்று இருக்கும். அந்த மாணவிக்கு அது 22. அவள் வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியது ஏறத்தாழ 40.

2.4 × 22 ÷ 40 = 1.3

இன்னொரு திருத்தமும் உண்டு. ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது இளம் அணுக்களை முழுதும் பக்குவமாகும் முன்பே மஜ்ஜையிலிருந்து வெளியே தள்ளுகிறது. அவை இரத்தத்தில் ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள்கள் இளம் அணுக்களாகவே திரிகின்றன. ஒரே விருந்தாளியை இரண்டு நாள் வருகைப் பதிவேட்டிலும் எழுதியது போல, ஓர் அணு இரு முறை கணக்கில் வருகிறது. எனவே பி.சி.வி. 25ஐ ஒட்டி இருந்தால் 2ஆல் வகுக்கிறார்கள். 35 என்றால் 1.5ஆலும், 15 என்றால் 2.5ஆலும் வகுக்கிறார்கள்.

1.3 ÷ 2 = 0.65

இந்த விடையை ரெட்டிகுலோசைட் உற்பத்திக் குறியீடு என்கிறார்கள். உடல்நலம் உள்ளவருக்கு இது 1. கடும் இரத்தசோகையில் மஜ்ஜை தன் வேலையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். அதனால் 3 அல்லது அதற்கு மேல் என்றால் மஜ்ஜை நன்றாகவே பதில் தருகிறது. அணுக்கள் வேறெங்கோ சிதைகின்றன அல்லது கசிகின்றன என்று தேட வேண்டும். அரிவாள் அணு நோயும், மலேரியாவில் அணுக்கள் உடைவதும் இந்த வகை. 2க்குக் கீழே என்றால் மஜ்ஜையால் போதிய பதில் தர முடியவில்லை. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 போன்ற மூலப்பொருள் இல்லை, அல்லது சிறுநீரகத்திலிருந்து கட்டளை வரவில்லை, அல்லது மஜ்ஜையே நோயுற்றிருக்கிறது.

மூன்று மடங்கு உழைக்க வேண்டிய நேரத்தில் என் மாணவியின் மஜ்ஜை இயல்பான அளவைக்கூட எட்டவில்லை. ஃபெரிட்டின் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோனது உறுதியானது. இரும்புச்சத்து மாத்திரையும், இரத்தப்போக்குக்கான சிகிச்சையும் தொடங்கின.

எட்டாம் நாள்

எட்டு நாள் கழித்து மறுபரிசோதனை. மாலையில் அவளுடைய அம்மா மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு பள்ளிக்கே வந்துவிட்டார். “டீச்சர், எட்டு நாளா மாத்திரை முழுங்குது. ரத்தம் ஏறவே இல்ல, வயித்த பொரட்டுதுன்னு அழுவுது. நிறுத்திடட்டுமா?” என்றார். ஹீமோகுளோபின் 6.8இலிருந்து 7.3க்குத்தான் வந்திருந்தது. அவர் கேட்டதில் தவறில்லை.

ஆனால் அடுத்த வரியில் ரெட்டிகுலோசைட் 7 சதவீதம். பி.சி.வி. 24. அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன்: 7 × 24 ÷ 40 = 4.2. அதை 2ஆல் வகுத்தால் 2.1. எட்டு நாளில் உற்பத்தி மூன்று மடங்கு. “உலை பத்திக்கிச்சும்மா, சோறு வேக இன்னும் நாள் ஆகும். மாத்திரையை நிறுத்தினா உலை அணைஞ்சிடும்” என்றேன். வயிற்றுப் புரட்டலுக்கு மருத்துவரைக் கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை எடுக்க ஏற்பாடானது. மாத்திரையோடு தேநீர் குடிக்கும் பழக்கமும் நின்றது.

குறைபாடு தீர்ந்த சில நாள்களிலேயே இளம் அணுக்கள் ஏறத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாளில் உச்சத்தைத் தொடும். ஹீமோகுளோபின் கண்ணில் படும்படி ஏற மூன்று நான்கு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் மாத்திரையைக் கைவிடுகின்றன.

திருவல்லிக்கேணியில் ஒரு முன்கதை

இதே அளவுகோலை வைத்து நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு நம் ஊரையும் தொட்டுச் சென்றிருக்கிறது. பம்பாயின் ஏழை ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தசோகையை ஆராய, 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியா வந்தார். குன்னூரிலும் பணியாற்றிய அவர், 1931இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா மருத்துவமனையில் இருந்தார். இன்று அது திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. எங்கள் பள்ளியிலிருந்து கடற்கரைச் சாலையில் சில கிலோமீட்டர்தான்.

மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைக் குணப்படுத்துகிறது என்று அவர் 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். குணமடைவது சாற்றினால்தான், தற்செயலாக அல்ல என்று காட்ட உதவிய சான்றுகளில் முக்கியமானது, அதைக் கொடுத்த சில நாள்களில் இளம் சிவப்பணுக்கள் திடீரென உயர்ந்தது. மூலப்பொருள் இல்லாமல் நின்றிருந்த மஜ்ஜைக்கு அது கிடைத்ததும் வேலை தொடங்கியது. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயரில்லாப் பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்பது 1940களில் தெளிவானது. நம் பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளுக்குத் தரும் நீல மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது.

எங்கே ஏமாற்றும்?

திடீரென இரத்தம் இழந்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் எண்ணிக்கை உயராது. புதிய அணுக்கள் உருவாக அவகாசம் வேண்டும். அதை மஜ்ஜையின் தோல்வி என்று படிக்கக்கூடாது. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் எண்ணிக்கை தாழும். மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் உயரவில்லை என்றால், மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா என்பதே முதல் கேள்வி. போகிறது என்றால், உறிஞ்சப்படவில்லையா, உடலில் தொற்று இருக்கிறதா, குறைபாடு வேறொன்றா, தலசீமியா போன்ற பிறவிக் காரணமா என்று மருத்துவர் தேடுவார். இளம் அணுக்கள் உயர்ந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், இரத்தம் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு மாதம் கழித்து அந்த மாணவியின் ஹீமோகுளோபின் 9.4. நாலாவது மாதத்தில் 12ஐத் தொட்டது. சேமிப்பு நிரம்ப வேண்டும் என்பதால் மாத்திரை மேலும் சில மாதங்கள் தொடர்ந்தது. முதல் அறிக்கையையும் எட்டாம் நாள் அறிக்கையையும், அவளும் அம்மாவும் சம்மதித்த பிறகு, பெயரை மறைத்துப் பத்தாம் வகுப்பில் சதவீதக் கணக்காகக் கொடுத்தேன். “ரெண்டு புள்ளி நாலு நார்மல்தானே மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். “வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் கேள்” என்றேன்.