அபராதம் யார் தலையில்?

தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். பொது நிர்வாகம் படிக்கும் இருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"கோப்பு பொறியாளர்கிட்ட இருக்குக்கா. தகவல் அலுவலர் என்ன பண்ணுவார்?"

"கேட்டு வாங்குற அதிகாரம் அவருக்கு இருக்கு தம்பி. விண்ணப்பதாரருக்குப் பதில் அனுப்புறது அவரோட பொறுப்பு."

"பொறியாளர் தராம இழுத்தடிச்சா?"

"அப்போ சட்டம் பொறியாளரையே தகவல் அலுவலரா எடுத்துக்கும். தகவல் ஆணையத்துல அவர்தான் பதில் சொல்லணும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லேன்னா நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000."

"அலுவலகம் கட்டிடும்ல?"

"கட்டாது. அவர் கையிலிருந்துதான் போகணும். அதனாலதான் விவரமான தகவல் அலுவலர் வாய்மொழியாக் கேட்க மாட்டார். எழுதிக் கேட்டு நகல் வச்சுக்குவார்."

பதில் வராதவர்கள் முதலில் துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். ஆனால் அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஆணையத்துக்கே உண்டு.